எங்கள் சனிக்கிழமை ஆட்டத்துக்கு ஒரு குரல் சர்வர்

நாங்கள் மொத்தம் 23 பேர். பாதிப் பேர் சென்னை, ஐந்தாறு பேர் கோயம்புத்தூர், நான்கு தம்பிகள் ஒரு கல்லூரி விடுதியில், ஒரு அண்ணா சிங்கப்பூரில். சனிக்கிழமை இரவு 9 மணிக்கு ஐந்துக்கு ஐந்து என்று எங்களுக்குள்ளேயே இரண்டு அணியாகப் பிரிந்து துப்பாக்கிச் சண்டை விளையாடுவோம். மீதிப் பேர் பார்ப்பார்கள், அடுத்த ஆட்டத்தில் உள்ளே வருவார்கள். மூன்று வருடமாக இது நடக்கிறது. அதில் முதல் ஒன்றரை வருடம் விளையாட்டுக்குள்ளேயே இருக்கும் பார்ட்டி சாட்டில்தான் பேசிக்கொண்டோம்.

அதில் குரல் தெளிவாகத்தான் இருந்தது. எங்களுக்குச் சரிப்படாமல் போனது அது கட்டப்பட்டிருந்த விதம். பார்ட்டியில் ஐந்து பேருக்கு மேல் சேர முடியாது. பத்துப் பேர் ஒரே அறையில் கூடி ஆட்டம் தொடங்கினால் அணிக்கான குரல் தடம் திறக்கும், ஆட்டம் முடிந்த நொடியில் அது மூடிக்கொள்ளும். அடுத்த ஆட்டத்துக்கு அணி பிரிப்பதற்கு எல்லோரும் வாட்ஸ்அப் அழைப்புக்கு ஓடுவோம். இதை விடப் பெரிய தொல்லை ஒன்று உண்டு. ஒருவனுடைய கணினியில் விளையாட்டு நின்றுபோனால் அவனுடைய குரலும் கூடவே போய்விடும். "ரெண்டு நிமிஷம் பொறுங்க, திரும்ப வர்றேன்" என்று சொல்லக்கூட அவனுக்கு வழி இருக்காது. பார்வையாளர்களுக்கோ எதுவுமே கேட்காது. பேச்சு விளையாட்டுக்குள் குடியிருக்கும் வரை இதுதான் நிலைமை. அதனால் பேச்சை வெளியே எடுத்து, எங்களுடைய சொந்த சர்வரில் வைப்பது என்று முடிவு செய்தோம்.

தேர்ந்தெடுத்தது மம்பிள். 2005-லிருந்து இருக்கும் திறந்தமூல மென்பொருள், விளையாடுகிறவர்களை மனதில் வைத்தே எழுதப்பட்டது. எங்களில் பாதிப் பேருக்கு 8 ஜிபி ராம்தான். விளையாட்டே முக்கால்வாசியை எடுத்துக்கொள்ளும் கணினியில் பக்கத்தில் ஓடும் குரல் செயலி எடை இல்லாமல் இருக்க வேண்டும், மம்பிள் அப்படி இருந்தது. இன்னொரு காரணம், குரல் எந்த வழியாகப் போகிறது என்பதை அதில் முழுவதுமாகப் பார்க்க முடியும். அது எவ்வளவு உதவும் என்பது பிற்பாடுதான் புரிந்தது.

முதலில் அந்த வழியைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் பேசும்போது உங்கள் கணினி குரலை 20 மில்லிசெகண்ட் துண்டுகளாக நறுக்கி, ஓபஸ் முறையில் சுருக்கி, ஒவ்வொரு துண்டையும் ஒரு பாக்கெட்டாக அனுப்புகிறது. நொடிக்கு 50 பாக்கெட். மம்பிள் சர்வர் இந்தக் குரல்களை ஒன்றாகக் கலப்பதில்லை. வந்த பாக்கெட்டை அதே அறையில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் ஒரு பிரதி அனுப்புவதோடு அதன் வேலை முடிந்தது. கலப்பது கேட்பவர் கணினியில் நடக்கிறது. அதனால் சர்வருக்கு மூளை அதிகம் வேண்டாம், ஒரு சிறிய மெய்நிகர் கணினி தாராளமாகப் போதும். அதற்குத் தேவைப்படுவது வெளியே அனுப்பும் அலைவரிசை.

அது எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். குரலின் தரத்தை நொடிக்கு 40 கிலோபிட் என்று வைத்தோம். ஒவ்வொரு பாக்கெட்டின் மேலும் முகவரிச் சீட்டு மாதிரி 32 பைட் ஒட்டிக்கொள்ளும். 50 பாக்கெட்டுக்கு அது 12.8 கிலோபிட். வேறு சில்லறையும் சேர்த்தால் பேசுகிற ஒருவருக்கு 55 கிலோபிட் என்று வைத்துக்கொள்ளலாம். ஆட்டம் நடக்கும்போது ஐந்து பேர் அறை இரண்டு, ஒவ்வொன்றிலும் ஒரே நேரத்தில் இரண்டு பேர் பேசுகிறார்கள் என்றால், ஓர் அறைக்கு 2 × 4 × 55, இரண்டு அறைக்கும் சேர்த்து 880 கிலோபிட். ஆட்டத்துக்கு முன்னால் 23 பேரும் ஒரே அறையில் இருந்து நான்கு பேர் ஒன்றாகக் கத்தினால் 4 × 22 × 55, அதாவது 4.8 மெகாபிட். எங்கள் கூட்டத்தின் உச்சம் அவ்வளவுதான். என் வீட்டு ஃபைபர் இணைப்பின் அப்லோட் இதைப்போல் பத்து மடங்கு. அப்படியென்றால் வீட்டிலேயே ஒரு பழைய மடிக்கணினியில் வைத்துவிடலாமே என்று தோன்றியது.

வைத்தேன். வீட்டுக்குள் இருக்கும் கணினியிலிருந்து அருமையாக வேலை செய்தது. வெளியிலிருந்து ஒருவராலும் உள்ளே வர முடியவில்லை. வெளியிலிருந்து வரும் இணைப்பை மடிக்கணினிக்குத் திருப்பிவிடும் போர்ட் ஃபார்வர்டிங்கை ரவுட்டரில் மூன்று தடவை சரிபார்த்தேன், எல்லாம் ஒழுங்காகவே இருந்தது. கோளாறு ரவுட்டரையும் தாண்டி இருந்தது. ரவுட்டரின் பக்கத்தில் காட்டும் வெளி முகவரியையும், கீழே இருக்கும் கட்டளை காட்டும் முகவரியையும் ஒப்பிட்டுப் பார்த்ததும் விஷயம் புரிந்துவிட்டது.

```
curl -4 ifconfig.me
```

இரண்டும் ஒன்றாக இருந்தால்தான் அந்த முகவரி உங்களுடையது. என் ரவுட்டரில் 100.72 என்று தொடங்கும் ஒரு முகவரி, கட்டளையில் முற்றிலும் வேறு ஒன்று. 100.64-இலிருந்து 100.127 வரைக்குமான முகவரிகள் இணைய நிறுவனங்கள் தங்களுக்குள் பயன்படுத்திக்கொள்வதற்கு என்றே ஒதுக்கப்பட்டவை. ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பங்குபோட்டுக் கொடுக்கும் சிஜிநாட் ஏற்பாடு இது. அடுக்குமாடிக்கு ஒரே கதவு எண் மாதிரி. உள்ளேயிருந்து வெளியே போகலாம், வெளியிலிருந்து வரும் கடிதத்தை எந்த வீட்டில் கொடுப்பது என்று வாசலில் இருப்பவருக்குத் தெரியாது. என் ரவுட்டரில் எதைத் திறந்தாலும் பயனில்லை. தனி முகவரிக்கு மாதாமாதம் கூடுதல் பணம் கேட்டார்கள். அதே பணத்துக்குக் கொஞ்சம் மேலே போட்டால் மும்பையில் ஒரு விபிஎஸ், அதாவது வாடகை மெய்நிகர் கணினி, கிடைத்தது: ஒரு சிபியு, 1 ஜிபி ராம். அதையே எடுத்துக்கொண்டோம், செலவை எல்லோரும் பகிர்ந்துகொள்கிறோம்.

ஊரைத் தேர்ந்தெடுப்பது முக்கியம். சென்னையிலிருந்து அந்த சர்வருக்கு எனக்குப் பிங் 28, கோயம்புத்தூர் நண்பருக்கு 34. பிங் என்பது போய் வரும் நேரம். என் குரல் சர்வருக்குப் போக அதில் பாதி, அங்கிருந்து அவரிடம் போக அவருடையதில் பாதி, ஆகக் கம்பியில் மட்டும் 31 மில்லிசெகண்ட். அதோடு 20 மில்லிசெகண்ட் துண்டு நிறையும் வரை காத்திருப்பது, மைக், ஒலி அட்டை, கேட்பவர் பக்கத்தில் பாக்கெட்டுகளை வரிசைப்படுத்தும் சிறு இடைவெளி எல்லாம் சேரும். நூறு மில்லிசெகண்டுக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். சர்வர் ஐரோப்பாவில் இருந்தால், பக்கத்துத் தெருவில் இருப்பவரிடம் பேசினாலும் குரல் அங்கே போய்த்தான் திரும்பும்.

நிறுவுவது பத்து நிமிட வேலை. உபுண்டு 22.04-இல் நான் செய்தது இது:

```
sudo apt install mumble-server
sudo dpkg-reconfigure mumble-server
```

இரண்டாவது கட்டளை மூன்று கேள்வி கேட்கும். கடைசிக் கேள்வியில் கொடுப்பது `SuperUser` என்ற தலைமைக் கணக்கின் கடவுச்சொல். அதை எழுதி வையுங்கள். அப்புறம் `/etc/mumble-server.ini` கோப்பில் நான் கை வைத்தது இரண்டே வரிகளில்:

```
serverpassword=உங்கள்-கடவுச்சொல்
users=40
```

`bandwidth=72000` என்று ஒரு வரி அந்தக் கோப்பில் ஏற்கெனவே இருந்தது. ஒரு ஆள் நொடிக்கு அனுப்பக்கூடிய பிட்டுகளின் உச்சவரம்பு அது. எங்கள் 55 கிலோபிட் அதற்குள் அடங்கிவிடுவதால் அப்படியே விட்டுவிட்டேன். கோப்பைச் சேமித்த பிறகு `sudo systemctl restart mumble-server` கொடுத்து சர்வரை மறுபடி தொடங்கினால்தான் மாற்றம் நடப்புக்கு வரும். `SuperUser` கணக்கில் நுழைந்தால் பேச முடியாது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். அது அறைகளையும் உரிமைகளையும் அமைப்பதற்கான கணக்கு. ஒரு தடவை அதில் போய் உங்கள் சொந்தப் பெயரை நிர்வாகிக் குழுவில் சேர்த்துவிட்டு வெளியே வந்துவிட வேண்டும்.

சர்வர் காத்திருக்கும் போர்ட் 64738. விபிஎஸ் கொடுக்கும் நிறுவனத்தின் பக்கத்தில் ஒரு ஃபயர்வால் படிவம் இருந்தது. அதில் 64738 என்று போட்டுத் திறந்தேன். எல்லோரும் உள்ளே வந்தார்கள். குரல் தெளிவாக இருந்தது. இரண்டு சனிக்கிழமை எந்தப் புகாரும் இல்லை.

மூன்றாவது சனிக்கிழமை நல்ல மழை. விடுதித் தம்பிகளில் ஒருவனுக்கு அன்றைக்கு விடுதி வைஃபை இல்லை, கைபேசி ஹாட்ஸ்பாட்டில் விளையாடினான். அவன் சொல்வதெல்லாம் தேங்கித் தேங்கி வந்தது. ஒரு நொடி மௌனம், பிறகு நான்கைந்து சொற்கள் ஒன்றன்மேல் ஒன்றாக. "லெஃப்ட்ல ரெண்டு பேர்" என்பது அந்த இரண்டு பேரும் எங்களைச் சுட்ட பிறகு காதில் விழும். "உன் நெட் சரியில்லடா" என்றோம். "அண்ணா, கேம்ல பிங் 45 தான் காட்டுது, பாக்கெட் லாஸ் கொஞ்சம்தான்" என்றான். அவன் சொன்னது உண்மை. அவனுடைய ஆட்டம் சிக்கலே இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. அதே இணைப்பில் ஆட்டம் ஓடுகிறது, குரல் மட்டும் சிக்குகிறது என்றால், குரல் வேறு மாதிரியாகப் பயணிக்கிறது என்றுதானே பொருள்?

இரவு ஆட்டம் முடிந்த பிறகு மம்பிளின் செய்திப் பெட்டியை மேலே தள்ளிப் பார்த்தேன். ஒவ்வொரு தடவை உள்ளே நுழைந்த சில நொடிகளிலும் இந்த ஒரு வரி வந்து, அரட்டையில் மேலே போய் மறைந்திருக்கிறது:

```
UDP packets cannot be sent to or received from the server. Switching to TCP mode.
```

எல்லோருக்கும், முதல் நாளிலிருந்தே. மம்பிளுக்கு 64738-இல் இரண்டு தடங்கள் உண்டு. யார் எந்த அறையில் இருக்கிறார், யார் மைக்கை மூடியிருக்கிறார் போன்ற செய்திகள் டிசிபியில் போகும். குரல் யுடிபியில் போக வேண்டும். யுடிபி அடைபட்டிருந்தால் மம்பிள் உங்களை வெளியே தள்ளாது, குரலையும் டிசிபிக்குள்ளேயே அடைத்து அனுப்பும். நல்ல எண்ணத்தில் செய்யப்பட்ட ஏற்பாடுதான். ஆனால் அதனாலேயே, பாதி சர்வர் திறக்காமல் இருந்தும் எங்களுக்கு இரண்டு வாரம் தெரியவில்லை.

டிசிபியில் குரல் ஏன் தேங்குகிறது என்பதைப் புரிந்துகொண்டால் இந்தக் கோளாறைக் காதாலேயே கண்டுபிடித்துவிடலாம். டிசிபி எதையும் வரிசை மாற்றிக் கொடுக்காது. ஏழாவது பாக்கெட் வழியில் தொலைந்தால், எட்டும் ஒன்பதும் வந்து சேர்ந்திருந்தாலும் ஏழு மறுபடி வரும் வரை அவற்றைக் கதவுக்கு வெளியே நிறுத்தி வைக்கும். மறுபடி அனுப்புவதற்கு முன் காத்திருக்கும் நேரம் 200 மில்லிசெகண்டோ அதற்கு மேலோ ஆகலாம். அதற்குள் பத்துத் துண்டுக் குரல் தேங்கிவிடும். பிறகு பத்தும் ஒன்றாக வந்து விழும். அதனால்தான் முதலில் மௌனம், பிறகு குவியல். யுடிபியில் தொலைந்த 20 மில்லிசெகண்ட் தொலைந்ததுதான், அதற்காக யாரும் காத்திருக்க மாட்டார்கள். அந்தச் சிறு பள்ளத்தை முன்னால் வந்த ஒலியை வைத்து ஓபஸ் மூடிவிடும், காதுக்கு லேசான கரகரப்பு மட்டுமே தெரியும். ஆக, கரகரப்பு என்றால் இணைப்பில் இழப்பு. மௌனமும் குவியலும் மாறி மாறி வந்தால் முதலில் டிசிபியைச் சந்தேகியுங்கள். நல்ல ஃபைபரில் பாக்கெட் தொலைவது அபூர்வம் என்பதால் இரண்டும் ஒரே மாதிரிதான் கேட்கும். எங்களுக்கு ஒரு மழை இரவும் ஒரு ஹாட்ஸ்பாட்டும் தேவைப்பட்டது அதனால்தான்.

அடைப்பு எங்கே என்று பார்க்க சர்வரில் இதை ஓட்டினேன்:

```
sudo tcpdump -n -i any udp port 64738
```

என் கணினியிலிருந்து மம்பிளில் நுழைந்தேன். திரையில் ஒரு வரிகூட வரவில்லை. இதில் ஒரு நுட்பம் உண்டு. இந்தக் கருவி, உள்ளே வரும் பாக்கெட்டை சர்வரின் சொந்த ஃபயர்வால் தடுப்பதற்கு முன்பே பார்த்துவிடும். அதனால் வரிகள் வந்தும் பதில் போகவில்லை என்றால் அடைப்பு சர்வருக்குள்ளே, `ufw`-இல் தேட வேண்டும். வரியே வரவில்லை என்றால் பாக்கெட் அந்த இயந்திரத்தை வந்தடையவே இல்லை, அடைப்பு வெளியே. படிவத்துக்குத் திரும்பிப் போய்ப் பார்த்தேன். போர்ட் எண்ணுக்குப் பக்கத்தில் வகையைத் தேர்ந்தெடுக்கும் ஒரு சிறு பெட்டி, அதில் டிசிபி என்று தானாகவே நின்றிருந்தது. நான் அதைத் தொடவே இல்லை. இன்னொரு வரியாக யுடிபி 64738-ஐச் சேர்த்தேன். அடுத்த நொடியில் திரை முழுக்க வரிகள் ஓடின. சர்வருக்குள்ளேயும் `ufw` வைத்திருப்பவர்கள் வகை எதுவும் குறிப்பிடாமல் இப்படிக் கொடுத்தால் இரண்டும் திறந்துவிடும்:

```
sudo ufw allow 64738
```

அடுத்த சனிக்கிழமை அந்தத் தம்பி வேண்டுமென்றே ஹாட்ஸ்பாட்டில் வந்தான். குரல் அங்கங்கே கொஞ்சம் கரகரத்தது, ஆனால் சொன்ன நொடியில் கேட்டது. இப்போது புதிதாக யார் சேர்ந்தாலும் முதலில் செய்யச் சொல்வது, செய்திப் பெட்டியில் அந்த `TCP mode` வரி இருக்கிறதா என்று பார்ப்பதுதான். சில அலுவலக, கல்லூரி வலைகள் யுடிபியை அவர்கள் பக்கத்திலேயே அடைத்துவிடும். அதற்கு நாம் செய்யக்கூடியது ஒன்றுமில்லை, அவர்கள் டிசிபியிலேயே பேச வேண்டியதுதான்.

விடுதி என்றதும் இன்னொன்று. ஒரு நாள் நான்கு தம்பிகளும் ஒரே நேரத்தில் உள்ளே வர முடியாமல் தவித்தார்கள். விடுதி வைஃபை விட்டு விட்டு வந்துகொண்டிருந்தது, நான்கு பேருடைய மம்பிளும் அறுந்து அறுந்து தானாக மறுபடி முயன்றுகொண்டிருந்தது. மம்பிளில் ஒரு காவல் உண்டு: ஒரே முகவரியிலிருந்து 120 நொடிக்குள் பத்துத் தடவை இணைப்பு வந்தால் அந்த முகவரியை 300 நொடிக்குத் தடை செய்யும். தாக்க வருகிறவர்களைத் தடுக்க வைத்தது. ஆனால் விடுதி முழுவதற்கும் வெளியே ஒரே முகவரி. ஆளுக்கு மூன்று முயற்சி என்றாலே பத்தைத் தாண்டிவிடும், நான்கு பேருக்கும் ஒன்றாகக் கதவு மூடும். `/var/log/mumble-server/mumble-server.log` கோப்பில் அந்த முகவரியோடு `Global ban` என்று வரிசையாக விழுந்திருந்தது. `mumble-server.ini` கோப்பில் `autobanAttempts` என்பதை 40 ஆக்கினேன். சர்வருக்குக் கடவுச்சொல் இருப்பதால் இந்தத் தளர்வு போதும், காவலையே எடுத்துவிட வேண்டியதில்லை.

இனி அறைகள். விளையாட்டின் சொந்தச் சாட்டில் கிடைக்காத வசதியெல்லாம் எங்களுக்கு இங்கேதான் கிடைத்தது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். பொதுக்கூடம் ஒன்று, "ஆட்டம்" என்று ஒரு தாய் அறை, அதற்குள் அணிக்கு ஓர் அறை என்று இரண்டு. ஆட்டத்தை நடத்துகிறவர் ஒரு விசையை `Whisper/Shout` என்று அமைத்து, இலக்காகத் தாய் அறையையும் அதன் உள்ளறைகளையும் கொடுத்திருக்கிறார். அதை அழுத்திப் பேசினால் இரண்டு அணிக்கும் ஒன்றாகக் கேட்கும், விட்டால் அவர் தன் அறைக்குத் திரும்பிவிடுவார். "ஆட்டத்த நிறுத்துங்க, ஒருத்தர் நெட் போச்சு" என்று சொல்ல இதை விட நல்ல வழி இல்லை.

பார்வையாளர்களுக்கு ஓர் அணியின் பேச்சு கேட்க வேண்டும், ஆனால் அவர்கள் பேசுவது அணிக்குக் கேட்கக் கூடாது. மம்பிளில் ஓர் அறையை இன்னோர் அறையோடு இணைக்கலாம். ஒன்றில் பேசினால் மற்றதிலும் கேட்கும். பார்வையாளர் அறை ஒன்றை உருவாக்கி இரண்டு அணி அறைகளோடும் இணைத்தேன். முதல் சுற்று தொடங்கிய அரை நிமிடத்தில், "அவங்க பேசுறது எங்களுக்குக் கேக்குது!" என்று இரண்டு அணியும் கத்தின. இணைப்பு சங்கிலி மாதிரி நீளும் என்பதை நான் யோசிக்கவில்லை. முதல் அணி பார்வையாளரோடு, பார்வையாளர் இரண்டாம் அணியோடு என்றால், முதல் அணி இரண்டாம் அணியோடும் இணைந்ததாகவே சர்வர் எடுத்துக்கொள்ளும்.

அதனால் பார்வையாளர் அறையை இரண்டாகப் பிரித்தேன், அணிக்கு ஒன்று. அணி அறையின் உரிமைப் பட்டியலில் முதலில் `all` குழுவுக்குப் பேசும் உரிமையை மறுத்து, அதற்குக் கீழே `in` குழுவுக்கு அனுமதித்தேன். `in` என்றால் அந்த அறைக்குள் இருப்பவர்கள். இணைந்த அறைக்குக் குரல் போக, பேசுபவருக்கு அந்த அறையில் பேசும் உரிமை இருக்க வேண்டும். பார்வையாளருக்கு அது இல்லை, ஆகவே அவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வது அணிக்குப் போகாது, அணி பேசுவது மட்டும் அவர்களுக்கு வரும். பட்டியலில் வரிசை முக்கியம். மேலிருந்து கீழே படித்துக் கடைசியாகச் சொன்னதை சர்வர் எடுத்துக்கொள்ளும். மறுப்பைக் கீழே வைத்தால் அணிக்காரர்களும் ஊமையாகிவிடுவார்கள். 1.4 பதிப்பிலிருந்து மம்பிளில் ஓர் அறைக்குள் போகாமலே அதைக் கேட்கும் வசதி தனியாக உண்டு, புதிய பதிப்பு போடுகிறவர்களுக்கு இந்தச் சுற்றுவழி வேண்டியிராது.

மைக் பக்கத்தில் ஒன்றே ஒன்று. நம் ஊர் அறைகளில் தலைக்கு மேல் மின்விசிறி ஓடாத நேரம் கிடையாது. குரல் கேட்டதும் மைக் தானாகத் திறக்கும் முறையில் வைத்தால் விசிறிக் காற்றுக்கே சிலருக்குத் திறந்துவிடுகிறது, ஐந்து பேர் அறையில் மூன்று விசிறி சேர்ந்தால் காலடிச் சத்தம் கேட்காது. விசையை அழுத்திப் பேசுவதை எங்கள் கூட்டத்தில் விதியாகவே வைத்துவிட்டோம். விண்டோஸில் விசை விளையாட்டுக்கு வெளியே வேலை செய்து உள்ளே போனதும் செத்துவிட்டால், விளையாட்டு நிர்வாகி உரிமையோடு ஓடிக்கொண்டிருக்கலாம். அப்போது மம்பிளையும் `Run as administrator` கொடுத்துத் திறக்க வேண்டும். எங்களில் நான்கு பேருக்கு இதுதான் கோளாறு.

திரையைப் பகிர்வது, காணொளி, பழைய அரட்டையைத் தேடிப் படிப்பது, இவை மம்பிளில் இல்லை. சர்வரில் எழுதிய செய்தி, அப்போது உள்ளே இருந்தவர்களுக்கு மட்டுமே. அட்டவணை, படம், கிண்டல் எல்லாம் இன்னும் வாட்ஸ்அப் குழுவில்தான் நடக்கின்றன. அதை மாற்ற முயற்சி செய்யவும் இல்லை.

அப்புறம், அடையாளம். மம்பிளில் பதிவுசெய்தவர்களை சர்வர் அறிவது கடவுச்சொல்லால் அல்ல, அவர்கள் கணினியில் இருக்கும் சான்றிதழ் கோப்பால். சிங்கப்பூர் அண்ணா விண்டோஸை அழித்துப் புதிதாகப் போட்டார். சான்றிதழ் போய்விட்டது, அவருடைய பெயரிலேயே அவரால் நுழைய முடியவில்லை. அந்தப் பெயர் இன்னொருவருக்குச் சொந்தம் என்று சர்வர் மறுத்தது. நான் பழைய பதிவை நீக்கி, புதிய சான்றிதழோடு மறுபடி பதிய வேண்டியிருந்தது. இப்போது எல்லோரும் `Certificate Wizard`-இல் ஒரு பிரதி எடுத்துத் தங்கள் மின்னஞ்சலுக்கே அனுப்பி வைத்திருக்கிறார்கள்.

சர்வர் பக்கத்தில் அறைகள், உரிமைகள், பதிவுகள் எல்லாம் ஒரே ஒரு கோப்பில் இருக்கின்றன. ஓடிக்கொண்டிருக்கும்போது அதை அப்படியே நகலெடுத்தால் பாதி எழுதிய நிலையில் சிக்கலாம் என்பதால், ஞாயிற்றுக்கிழமை காலையில் இந்தக் கட்டளை தானாக ஓடும்படி வைத்திருக்கிறேன்:

```
sudo sqlite3 /var/lib/mumble-server/mumble-server.sqlite ".backup '/root/mumble.bak'"
```

போன மாதம் விபிஎஸ்ஸை மும்பையிலேயே வேறோர் இயந்திரத்துக்கு மாற்றினேன். அந்தப் பிரதியைப் பழைய இடத்தில் வைத்து, கோப்பின் உரிமையாளரை `mumble-server` என்று மாற்றி, ஃபயர்வாலில் இரண்டு வரியும் போட்டு, சர்வரைத் தொடங்கினேன். சனிக்கிழமை 9 மணிக்கு எல்லோரும் வழக்கம்போல வந்து தங்கள் அறைகளில் உட்கார்ந்தார்கள். ஹாட்ஸ்பாட் தம்பி மட்டும் செய்திப் பெட்டியைப் பார்த்துவிட்டு, "அண்ணா, யுடிபில தான் இருக்கேன்" என்றான்.